பலவீனமான பாடத்துக்கு அதிக நேரமா? நீட் பிஜி படிக்கிறவங்க போடுற ஒரு தப்புக் கணக்கு

1/
இது கொஞ்சம் நீளமான பதிவு. நீட் பிஜிக்குப் படிக்கிற டாக்டர்களுக்கும், அவங்களோட ஒரே வீட்ல இருக்கிறவங்களுக்கும். எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் கொடுக்கணும்ங்கிற ஒரே ஒரு கேள்வியைப் பத்தி மட்டும் எழுதப் போறேன்.

2/
முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் இந்தத் தேர்வை மூணு தடவை எழுதினேன். விரும்பின சீட் கிடைக்கலை. இன்னைக்கும் எம்.பி.பி.எஸ். தான், அரசு மருத்துவமனையில வேலை. "கிடைக்காதவன் எதுக்கு அட்வைஸ் பண்றான்"னு கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனா எங்க நேரம் போச்சுங்கிறதை தோத்தவன் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருப்பான். நான் எண்ணிப் பார்த்தேன்.

3/
முதல் வருஷம் எம்.பி.பி.எஸ்.ல எனக்கு அனாட்டமியில அரியர். அந்த வடு ஆறாமலே இருந்தது. நீட் பிஜிக்கு உட்கார்ந்தப்போ "என் வீக் சப்ஜெக்ட் இது, இதை முதல்ல முடிக்கணும்"னு ரெண்டு மாசம் அதையே படிச்சேன். தேர்வுல அனாட்டமியில வந்த கேள்விகள் பத்துக்குள்ள. அந்த ரெண்டு மாசத்துல நான் தொடாத சமூக மருத்துவத்துல அதைவிட ரெண்டு மடங்கு கேள்வி வந்தது.

4/
போன மாசம் ஒரு தம்பி வந்தான். ஆரம்ப சுகாதார நிலையத்துல மருத்துவ அலுவலர். சர்வீஸ் கோட்டாவுல எப்படியாவது ஒரு சீட் வாங்கணும். வீட்ல ஒன்றரை வயசுக் குழந்தை. தேர்வுக்கு ஆறு மாசம். கையில ஒரு எக்செல் ஷீட். "அண்ணா, 19 சப்ஜெக்டுக்கும் நேரம் பிரிச்சுட்டேன், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க"ன்னான்.

5/
அவன் போட்டிருந்த சூத்திரம் உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சதுதான்:

மதிப்பெண் × கடினம் × பலவீனம்

எத்தனை கேள்வி வரும்ங்கிறது முதல் எண். பாடம் எவ்வளவு கடினம்னு 1லிருந்து 3 வரை ஒரு எண். நான் அதுல எவ்வளவு வீக்குன்னு 1லிருந்து 3 வரை இன்னொரு எண். மூணையும் பெருக்கி, வர்ற விகிதத்துல மணி நேரத்தைப் பிரிக்கணும். பார்க்க ரொம்ப நியாயமா இருக்கும். அதுல இருக்கிற ஓட்டையைத்தான் சொல்ல வர்றேன்.

6/
தேர்வு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நீட் பிஜியில 200 கேள்வி, 800 மதிப்பெண். சரின்னா 4, தப்புன்னா 1 கழியும், விட்டுட்டா பூஜ்யம். அதனால தப்பா எழுதிட்டிருந்த ஒரு கேள்வியை இனிமே சரியா எழுதினா 5 மதிப்பெண் லாபம். 40 கேள்விக்கு 42 நிமிஷம்னு பகுதி பகுதியா நேரம் பூட்டிடுவாங்க. ஒரு கேள்விக்கு 63 நொடி.

7/
பாடத்தைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி அவன்கிட்ட கேட்டேன்: "தம்பி, மொத்தம் எத்தனை மணி நேரம் இருக்கு?" 468ன்னான். வார நாள்ல ராத்திரி 2 மணி நேரம், சனிக்கிழமை 3, ஞாயிறு 5. வாரத்துக்கு 18. 26 வாரம். கணக்கு சரி. ஆனா அது தாள்ல இருக்கிற கணக்கு.

8/
"போன நாலு வாரத்துல நெஜமா எவ்வளவு படிச்சே?" டைரியைப் பார்த்து எண்ணினான். திட்டம் 72 மணி, படிச்சது 58. ஒரு நாள் முகாம், ஒரு நாள் ரிவியூ மீட்டிங், ரெண்டு நாள் குழந்தைக்குக் காய்ச்சல். இது சோம்பேறித்தனம் இல்லை, வாழ்க்கை. அடுத்த ஆறு மாசமும் இப்படித்தான் இருக்கும். ஆக 468ல எண்பது சதவீதம், சுமார் 375 மணி நேரம்.

9/
அந்த 375ம் படிக்க மட்டும் இல்லை. முழு மாதிரித் தேர்வு ஒண்ணு எழுத மூன்றரை மணி நேரம், தப்புகளை உட்கார்ந்து பார்க்க அதே அளவு நேரம். ஆறு தேர்வுன்னா 42 மணி. அப்புறம் திருப்புதல். திருப்பாத பாடம் படிக்காத பாடம்தான். அதுக்கு 83 மணி. ரெண்டும் சேர்த்து 125 போச்சு. முதல் சுற்றுப் படிப்புக்கு மிஞ்சினது 250 மணி.

10/
19 பாடத்துக்கு 250 மணி. சமமாப் பிரிச்சா பாடத்துக்கு 13 மணி. மெடிசினுக்கும் 13, மயக்கவியலுக்கும் 13. இதைச் சொன்னதும் அவன் முகம் மாறுச்சு. பாடத்தைக் கணக்குப் போடுறவங்க எல்லாம் முதல்ல இந்த இடத்துல நிக்கணும். எல்லாத்தையும் முழுசா படிக்க முடியாதுன்னு ஒத்துக்கிட்டா மட்டும்தான் பங்கீடுங்கிற பேச்சுக்கே அர்த்தம் உண்டு.

11/
19ஐயும் இங்க போட்டா பதிவு தாங்காது. ஆறு பாடத்தை மட்டும் எடுத்துக்கறேன். இந்த ஆறுக்கும் அவன் ஒதுக்கியிருந்தது 110 மணி. எதிர்பார்க்கிற கேள்விகள் அவன் கணக்குப்படி: மெடிசின் 24, சமூக மருத்துவம் 19, மகப்பேறு 18, பார்மகாலஜி 14, அனாட்டமி 9, ஃபாரன்சிக் 6.

12/
இந்த எண்கள் பழைய தேர்வுகளை எழுதினவங்க ஞாபகத்துல இருந்து சொன்னதை வச்சு அவன் எண்ணினது. வருஷத்துக்கு வருஷம் ரெண்டு மூணு கூடும் குறையும். அதோட, காசநோய் மருந்து பத்தின ஒரு கேள்வியை மெடிசின்னும் எண்ணலாம், பார்மகாலஜின்னும் எண்ணலாம், மைக்ரோபயாலஜின்னும் எண்ணலாம். அதனால 14ஆ 15ஆன்னு சண்டை போட வேண்டாம். 9க்கும் 19க்கும் இருக்கிற வித்தியாசம்தான் முக்கியம்.

13/
அவன் போட்ட பெருக்கல்:

அனாட்டமி: 9 × 3 × 3 = 81
மெடிசின்: 24 × 3 × 2 = 144
சமூக மருத்துவம்: 19 × 1 × 1 = 19
மகப்பேறு: 18 × 2 × 1 = 36
பார்மகாலஜி: 14 × 2 × 2 = 56
ஃபாரன்சிக்: 6 × 1 × 2 = 12

மொத்தம் 348. இந்த விகிதத்துல 110 மணியைப் பிரிச்சா மெடிசினுக்குச் சுமார் 45, அனாட்டமிக்கு 26, பார்மகாலஜிக்கு 18, மகப்பேறுக்கு 11, சமூக மருத்துவத்துக்கு 6, ஃபாரன்சிக்குக்கு 4.

14/
நிதானமாப் பாருங்க. 9 கேள்வி வர்ற பாடத்துக்கு 26 மணி. 19 கேள்வி வர்ற பாடத்துக்கு 6 மணி. நான் ரெண்டு மாசம் பண்ணின அதே தப்பு, இந்தத் தடவை எக்செல்ல அழகா கட்டம் போட்டு வந்திருக்கு. சூத்திரம் இருக்கிறதால சந்தேகமும் வராது. அதுதான் இதுல ஆபத்து.

15/
எங்க தப்பு நடந்தது? ரெண்டு இடத்துல. முதல்ல, பலவீனத்தை அவன் அளக்கலை, உணர்ந்தான். "சமூக மருத்துவத்துக்கு ஏன் 1?"ன்னு கேட்டேன். "அண்ணா, நான் தினம் பார்க்கிற வேலையே அதுதானே. தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, சுகர் பிரஷர் லைன் லிஸ்ட், எல்லாம் நான்தானே பார்க்கிறேன்."

16/
"சரி. ஒரு நோயோட பரவல் குறைஞ்சா, பரிசோதனையோட பாசிட்டிவ் பிரெடிக்டிவ் வேல்யூ கூடுமா குறையுமா?" யோசிச்சான். "கேஸ் கன்ட்ரோல் ஆய்வுல ரிலேட்டிவ் ரிஸ்க் நேரடியா ஏன் கணக்குப் போட முடியாது?" சிரிச்சுட்டான். தினம் செய்யிற வேலை ஒண்ணு, அதே பாடத்துல கேள்வியா வர்றது வேற ஒண்ணு. பழக்கமா இருக்கிறதைத் தெரிஞ்சதுன்னு நம்ம மனசு எழுதிக்கும். பழைய அரியரை இன்னும் பெரிய பள்ளம்னு எழுதிக்கும்.

17/
அதனால ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் கலந்து எடுத்த 20 கேள்வி. ஒரு கேள்விக்கு 63 நொடி, அதுக்கு மேல இல்லை. 19 பாடத்துக்கும் சேர்த்து 380 கேள்வி, கிட்டத்தட்ட 7 மணி நேரம். ரெண்டு ஞாயிறுல முடிஞ்சுடும். 7 மணி நேரம் வீண்னு நினைக்காதீங்க. மீதி 243 மணி எங்க போகணும்னு அதுதான் சொல்லப் போகுது.

18/
இதுல ஒரு விதி. விடை எழுதும்போதே பக்கத்துல குறிக்கணும்: தெரிஞ்சு எழுதினதா, குத்துமதிப்பா எழுதினதா. குத்துமதிப்பா எழுதி சரியா வந்ததைச் சரின்னு எண்ணக் கூடாது. நாலு விடையில ஒண்ணுங்கிறப்போ, ஒண்ணுமே தெரியாம 20க்கும் குத்தினாலும் சராசரியா 5 சரியா வரும். அதைக் கழிக்காம பார்த்தா பள்ளம் மூடினமாதிரி தெரியும்.

19/
அவனுக்கு வந்த எண்கள், தெரிஞ்சு சரியா எழுதினது, 20க்கு: அனாட்டமி 5, மெடிசின் 9, சமூக மருத்துவம் 8, மகப்பேறு 14, பார்மகாலஜி 9, ஃபாரன்சிக் 8.

ஒரு எச்சரிக்கை. 20 கேள்விங்கிறது சின்ன மாதிரி. அதே ஆளுக்கு வேற 20 கேள்வி கொடுத்தா ரெண்டு முன்ன பின்ன வரும். 8ஐயும் 9ஐயும் ஒண்ணாத்தான் பார்க்கணும். 5க்கும் 14க்கும் மட்டும்தான் நிஜமான தூரம்.

20/
பெரிய அதிர்ச்சி சமூக மருத்துவம்தான். 1ன்னு எழுதின பாடத்துல 20க்கு 8. லேபர் வார்டுல நின்னு கத்துக்கிட்ட மகப்பேறு மட்டும் நெஜமாவே நல்லா இருந்தது. அனாட்டமி அவன் பயந்தமாதிரிதான். அதை மறுக்கலை. ஆனா வீக்கா இருக்குங்கிறதுக்காக மட்டும் நேரம் கொடுக்கணுமா? ரெண்டாவது தப்பு இங்கதான் இருக்கு.

21/
கடினம்ங்கிற எண்ணுக்கு ரெண்டு முகம் உண்டு. ஒரு பாடம் கடினம்னா அதை முடிக்க அதிக நேரம் வேணும். அது ஒரு முகம். இன்னொரு முகம், அதுல போடுற ஒவ்வொரு மணி நேரமும் குறைச்சலாத்தான் மதிப்பெண் கொடுக்கும். நேரம் அளவில்லாம இருந்தா முதல் முகத்தை மட்டும் பார்க்கலாம். 250 மணிதான் இருக்குன்னா ரெண்டாவது முகத்தைப் பார்த்தே ஆகணும். பெருக்கல் சூத்திரத்துக்கு அந்த முகம் தெரியாது. கடினமா இருக்கிறதுக்கே பரிசு கொடுத்துடும்.

22/
பலவீனமும் அப்படித்தான். 20க்கு 5 எடுக்கிறவன் 15 கேள்வியை இழக்கிறான், உண்மை. ஆனா இருக்கிற நேரத்துல அந்த 15ல எத்தனையைத் திருப்பி எடுக்க முடியும்? கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இழந்தது எவ்வளவுங்கிறதைவிட மீட்கக் கூடியது எவ்வளவுங்கிறதுதான் நேரத்தை முடிவு பண்ணணும். ட்ரையேஜ் பண்ற நமக்கு இது புதுசா சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. அங்க தெளிவா இருக்கிற நாம, சொந்தப் படிப்புல குழம்பிடறோம்.

23/
அதனால ஒவ்வொரு பாடத்துக்கும் ரெண்டே எண் எழுதச் சொன்னேன். ஒண்ணு, ஆறு மாசத்துல எந்த அளவுக்கு ஏற முடியும், அது எத்தனை கேள்வி. ரெண்டு, அதுக்கு எத்தனை மணி நேரம். ரெண்டாவதை 1, 2, 3ன்னு மனசுல தோணுறபடி எழுதக் கூடாது. கடிகாரம் வச்சு அளக்கணும்.

24/
எப்படி அளக்கிறது? பாடத்துல நடுத்தரமான ஒரு அத்தியாயத்தை எடுங்க. படிச்சு, அதுல 30 கேள்வி போட்டு, தப்பைத் திருத்தி முடிக்கிற வரைக்கும் நேரம் பாருங்க. மூணு நாள் கழிச்சு நோட்ஸைத் திறக்காம 10 கேள்வி. பாதிக்கு மேல மறந்திருந்தா இன்னொரு தடவை படிக்கிற நேரத்தையும் அந்தப் பாடத்து விலையில சேர்க்கணும். அவன் பிரேக்கியல் பிளக்ஸஸை ரெண்டு மணி நேரம் படிச்சான். மூணாம் நாள் 10க்கு 4. அனாட்டமியோட விலை அங்கதான் ஏறுச்சு. புரியாத பாடம் இல்லை அது, நிக்காத பாடம்.

25/
அளந்த பிறகு வந்தது இது:

ஃபாரன்சிக்: 40லிருந்து 75 சதவீதம், 6 கேள்வியில சுமார் 2 மீளும். 6 மணி.
சமூக மருத்துவம்: 40லிருந்து 70, 19ல கிட்டத்தட்ட 6. 20 மணி.
பார்மகாலஜி: 45லிருந்து 65, 14ல 3க்குக் கொஞ்சம் குறைவு. 18 மணி.
மகப்பேறு: 70லிருந்து 80, 18ல 2க்குள்ள. 12 மணி.
மெடிசின்: 45லிருந்து 60, 24ல மூன்றரை. 45 மணி.
அனாட்டமி: 25லிருந்து 45, 9ல 2க்குள்ள. 26 மணி.

26/
இதையே 10 மணி நேரத்துக்கு எத்தனை கேள்வின்னு மாத்திப் பாருங்க. ஃபாரன்சிக் மூன்றரை. சமூக மருத்துவம் 3க்குக் கொஞ்சம் குறைவு. பார்மகாலஜியும் மகப்பேறும் ஒன்றரை. மெடிசினும் அனாட்டமியும் முக்கால். அவன் முதல் ஷீட்ல ரொம்பக் குறைச்சலா நேரம் வாங்கின ரெண்டு பாடம்தான் நேரத்துக்கு அதிகமாத் திருப்பிக் கொடுக்குது. வரிசையே தலைகீழ்.

27/
ஆறுக்கும் தேவைப்படுறது 127 மணி. இருக்கிறது 110. 17 மணியை எங்க வெட்டுறது? அனாட்டமியும் மெடிசினும் ஒரே மாதிரி குறைச்சலாத்தான் கொடுக்குது. ஆனா ரெண்டையும் ஒரே மாதிரி வெட்டக் கூடாது.

28/
மெடிசினை ஏன் விட்டு வைக்கணும்? அங்க படிச்சது அங்கேயே நிக்காது. தைராய்டு படிச்சா அறுவை சிகிச்சைப் பாடத்துல ஒண்ணு, பார்மகாலஜியில ஒண்ணு கூட விழும். இருதயம் படிச்சா மயக்கவியல்ல உதவும். எண்ணிக்கையில மெடிசின் பேர்ல வராத மதிப்பெண் அதுக்கு உண்டு. அனாட்டமியில அந்தக் கசிவு குறைவு. அதனால 17 மணியையும் அனாட்டமியிலிருந்தே எடுத்தோம். 26லிருந்து 9.

29/
9 மணி நேரத்துல அனாட்டமியில என்ன படிக்கிறது? இங்க இன்னொரு விஷயம். ஒரு பாடத்துக்குள்ளேயும் எல்லா மணி நேரமும் ஒரே விலை இல்லை. முதல் சில மணி நேரம் நிறைய கொடுக்கும், போகப் போகக் குறையும். கபால நரம்புகள், மூளைத்தண்டு, கை நரம்புக் காயங்கள், கருவளர்ச்சியில எந்த வளைவிலிருந்து எது வருதுங்கிறது. நரம்பு பகுதி மெடிசினுக்கும் உதவும். இதோட நிறுத்தணும். எதிர்பார்த்த 2ல 1 இதுலயே வந்துடும். இன்னொரு 1க்காகத்தான் அந்த 17 மணி போயிட்டிருந்தது.

30/
"அண்ணா, வீக் சப்ஜெக்டை விட்டுட்டு எப்படிப் போறது, மனசு கேட்கலை"ன்னான். எனக்கும் அன்னைக்குக் கேட்கலை. முதல் வருஷத்துல எச்.ஓ.டி. முன்னாடி தலை குனிஞ்சு நின்னதுக்குப் பதில் சொல்லணும்னு நினைச்சேன். தேர்வுக்கு அந்தக் கதை தெரியாது. அனாட்டமியில சரியா எழுதினாலும் 4, ஃபாரன்சிக்ல சரியா எழுதினாலும் 4.

31/
கடைசியா வந்த பங்கீடு: மெடிசின் 45, சமூக மருத்துவம் 20, பார்மகாலஜி 18, மகப்பேறு 12, அனாட்டமி 9, ஃபாரன்சிக் 6. கூட்டினா அதே 110. ஒரு மணி நேரம்கூட அவன் அதிகமாப் படிக்கப் போறதில்லை. பழைய ஷீட்படி போயிருந்தா அந்த ஆறு பாடத்துல 13 கேள்வி மீண்டிருக்கும், இதுல 17. நாலு கேள்வி, 16லிருந்து 20 மதிப்பெண். 2 லட்சம் பேருக்கு மேல எழுதுற தேர்வுல அந்த 16 மதிப்பெண்ணுக்குள்ள எத்தனை பேர் நிப்பாங்கன்னு எழுதினவங்களுக்குத் தெரியும்.

32/
இந்த முறையோட குறையையும் சொல்லணும். நல்லா வர்ற பாடத்துக்கு லாபம் கம்மியாத்தான் தெரியும். அதை நம்பி மகப்பேறுக்கு 2 மணி கொடுத்தா 70 அப்படியே நிக்காது, இறங்கிடும். அந்த 12 மணி ஏறுறதுக்கு மட்டும் இல்லை, இறங்காம இருக்கவும்தான். படிச்சதையே திரும்பப் படிக்காம முழுக்க கேள்வி போட்டே செலவழிக்கணும்.

33/
இன்னொண்ணு ஃபாரன்சிக். சுலபமான பாடம்னு சீனியர்கிட்ட வாங்கின பழைய நோட்ஸை எடுத்துடாதீங்க. 2024 ஜூலை 1லிருந்து ஐ.பி.சி. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தாச்சு. பிரிவு எண்கள் எல்லாம் மாறிடுச்சு. 302ன்னு மனப்பாடமா இருக்கிற கொலைக்கான தண்டனை இப்போ 103. பழைய நோட்ஸைப் படிச்சா 6 மணி நேரம் போட்டு, நம்பிக்கையோட தப்பா எழுதி, 1 கழிச்சுக்குவீங்க.

34/
கணக்கு ஒரு தடவை போட்டா முடியாது. நாலு வாரத்துக்கு ஒரு தடவை, படிச்சு முடிச்ச பாடத்துல புது 20 கேள்வி. சமூக மருத்துவம் 8லிருந்து 12, 13க்கு வந்தா மணி நேரம் சரியா வேலை செய்யுது. 8, 9லயே நின்னா நேரம் பத்தலைன்னு உடனே கூட்டாதீங்க. எப்படிப் படிச்சீங்கன்னு பாருங்க. வீடியோவை மட்டும் பார்த்து, கேள்வி போடாம இருந்தா அந்த எண் நகராது. முறையை மாத்தியும் அடுத்த தடவையும் நகரலைன்னா, அந்தப் பாடத்துல நேரத்தைக் குறைங்க. நம்ம ஆளுங்க இங்கதான் எதிர்மாறாப் பண்ணுவாங்க. நகராத பாடத்துலயே இன்னும் இன்னும் கொட்டுவாங்க.

35/
அதேமாதிரி எதிர்பார்த்த அளவுக்கு ஏறிடுச்சுன்னா நிறுத்துங்க. சமூக மருத்துவம் 14க்கு வந்துடுச்சு, நல்லா வருதுன்னு சுகமா அதையே படிச்சிட்டிருக்கக் கூடாது. 70லிருந்து 85க்குப் போறது 40லிருந்து 70க்குப் போனமாதிரி இருக்காது. அங்கயும் 10 மணிக்கு முக்கால் கேள்விங்கிற நிலைமை வந்துடும். மிஞ்சின நேரத்தை அடுத்த பாடத்துக்குக் கொடுங்க.

36/
தம்பி ஷீட்டை அழிச்சுப் புதுசாப் போட்டான். கிளம்பும்போது, "அண்ணா, அப்போ ஞாயிறு சாயங்காலம் மட்டும் குழந்தையோட இருக்கலாமா, அந்த ரெண்டு மணி நேரத்தையும் சேர்த்துத்தான் 468 போட்டிருந்தேன்"னான். எண்பது சதவீதம்னு கழிச்சோமே, அதுல அந்த ரெண்டு மணி நேரம் ஏற்கெனவே போயிடுச்சுடா, குழந்தைகூட இருன்னேன்.

37/
என் பழைய நோட்டு இன்னும் அலமாரியில இருக்கு. அனாட்டமி மட்டும் மூணு கலர்ல அடிக்கோடு போட்டது. சமூக மருத்துவ நோட்டு இன்னும் புதுசு மாதிரி இருக்கும். நீங்க எழுதப் போறவங்களா இருந்தா, இந்த வாரம் உங்களுக்கு நல்லாத் தெரியும்னு நினைக்கிற பாடத்துல 20 கேள்வி போட்டுப் பாருங்க. பயப்படுற பாடத்துல அப்புறம் போடலாம்.